பெயர் மாறிய கம்பெனியின் பழைய முதலாளிகளைக் கண்டுபிடிப்பது எப்படி: காங்கேயம் பக்கத்து நூல் மில் ஒன்றின் மூன்று பதிவுகள்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில். 2007இல் நின்றுபோய், 2009இல் வேறு பெயரில் மறுபடி ஓட ஆரம்பித்தது. பழைய தொழிலாளர்கள் இருபது பேருக்கு மேல் கிராஜுவிட்டி வரவில்லை. கேட்டுப் போனபோதெல்லாம் கேட்டில் ஒரே பதில்தான்: "பழைய கம்பெனி வேற, நாங்க வேற. இடத்தை மட்டுந்தான் வாங்கினோம்." இருபத்திரண்டு வருடம் அங்கே ஸ்பின்னிங்கில் வேலை பார்த்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "மில்லு அதே மில்லுதானுங்க தம்பி. போர்டு மட்டுந்தான் வேற. ஆனா அதை எப்படி நிரூபிக்கிறதுன்னு எங்களுக்குத் தெரியலைங்க."

அதை நிரூபிக்க முடியும். அதற்கு மூன்று பதிவுகளைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்: பெயர் மாறிய பதிவு, கம்பெனி பிறந்த பதிவு, கம்பெனிக்கு முன்பிருந்த கூட்டு வியாபாரத்தின் பதிவு. நான் போன வழியை, தப்பாகப் போய்த் திரும்பிய இடங்களையும் சேர்த்து, வரிசையாக எழுதுகிறேன். மில்லின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே தேவையில்லை.

வாசலில் இருந்தே தொடங்குங்கள்

அலுவலகத்துக்குப் போவதற்கு முன், மில் வாசலில் இருக்கும் போர்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் லெட்டர்பேடு, பில், சம்பளச் சீட்டு எது கிடைத்தாலும் வாங்கி வையுங்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, கடிதத்திலும் பில்லிலும் கம்பெனியின் அடையாள எண்ணை அச்சிட வேண்டும். கடந்த இரண்டு வருடத்துக்குள் பெயர் மாறியிருந்தால் பழைய பெயரையும் சேர்த்துப் போட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இந்த மில்லின் பெயர் 2009இலேயே மாறிவிட்டதால் அந்த உதவி எனக்குக் கிடைக்கவில்லை.

வேறொன்று கிடைத்தது. ஜிஎஸ்டி எண்ணை வாசல் போர்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பதினைந்து எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலத்தைக் காட்டும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து, கம்பெனியின் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து `C` என்றால் கம்பெனி, `F` என்றால் கூட்டு வியாபாரம். ஐந்தாவது எழுத்து, பான் வாங்கிய நாளில் அந்த நிறுவனத்துக்கு இருந்த பெயரின் முதல் எழுத்து. கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டாலும் பான் எண் மாறாது.

```
33xxxCKxxxxx1Zx
```

போர்டில் இருந்த பெயர் `S`இல் தொடங்கியது. பானின் ஐந்தாவது எழுத்து `K`. தொழிலாளர்கள் சொன்ன பழைய மில் பெயரும் `K`இல்தான் தொடங்கும். இதை ஆதாரமாக எழுத முடியாது. `K`இல் தொடங்கும் பெயர்கள் ஆயிரம் இருக்கின்றன. ஆனால் தேடுவது வீண்வேலை இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அடையாள எண்ணை எழுத்தெழுத்தாகப் படிப்பது

கம்பெனி விவகார அமைச்சகத்தின் `mca.gov.in` தளத்தில் கம்பெனிப் பெயரைக் கொடுத்தால் அடிப்படை விவரங்கள் கிடைக்கும். அதில் முதலில் பார்க்க வேண்டியது 21 எழுத்துள்ள அடையாள எண். அந்த மில்லுக்கு அது இப்படி இருந்தது (கடைசி இலக்கங்களை மறைத்திருக்கிறேன்):

```
U17111TZ1994PTC00xxxx
```

`U` என்றால் பங்குச்சந்தையில் இல்லாத கம்பெனி. `17111` பருத்தி நூற்புத் தொழிலின் எண். `TZ` என்பது கோயம்புத்தூர் கம்பெனிப் பதிவாளரின் குறி. சென்னைப் பதிவாளரிடம் இருப்பவற்றுக்கு `TN` வரும். கொங்குப் பக்கத்துக் கம்பெனியைத் தேடும்போது `TN` என்று மட்டும் எதிர்பார்த்தால் கண்ணுக்கு முன்னால் இருப்பதையே தவறவிடுவீர்கள். `1994` கம்பெனி பிறந்த வருடம். `PTC` பிரைவேட் லிமிடெட். கடைசி ஆறு இலக்கங்கள் பதிவு எண்.

நமக்கு வேண்டியது அந்த வருடம்தான். 2009இல் வந்த "புதுக் கம்பெனி" என்றால் இங்கே 2009 என்றோ அதை ஒட்டியோ இருக்க வேண்டும். 1994 என்று இருக்கிறது. பெயர் மாறினால் பிறந்த வருடமும் பதிவு எண்ணும் மாறுவதில்லை. தொழில் எண்ணோ, பிரைவேட் என்பதோ மாறினால் அந்தந்தப் பகுதி மட்டும் மாறும். ஆகவே இரண்டு பெயர்களும் ஒரே கம்பெனியா என்று பார்க்க, வருடத்தையும் கடைசி ஆறு இலக்கங்களையும் ஒப்பிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் வருடமும் எண்ணும் வேறாக இருந்தால், அது உண்மையிலேயே வேறு கம்பெனி. அப்போது தேட வேண்டியது கிரயப் பத்திரத்தை, அல்லது இரண்டு கம்பெனிகளை இணைத்த நீதிமன்ற உத்தரவை. அது வேறு பாதை. இன்னொரு கவனமும் வேண்டும்: ஒரு கம்பெனி விட்டுப்போன பெயரை, சில வருடம் கழித்துச் சம்பந்தமே இல்லாத வேறொரு கம்பெனி வாங்கிக்கொள்ளலாம். பழைய பெயரைத் தளத்தில் தேடி, அங்கே வருவதுதான் பழைய மில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எண்ணைப் பாருங்கள்.

முதல் பதிவு: பெயர் மாறிய இடம்

அடிப்படை விவரங்களை இலவசமாகப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் ஆவணங்களைப் பார்க்க ஒரு கம்பெனிக்கு ₹100 கட்ட வேண்டும். திறந்ததில் இருந்து மூன்று மணி நேரம்தான் பார்க்க முடியும். முதல் தடவை நான் வருடாந்தரக் கணக்குகளில் மூழ்கிப்போய், முக்கியமானதை இறக்குவதற்குள் நேரம் முடிந்து, மறுபடி பணம் கட்டினேன். அதனால் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் சான்றிதழ்கள், அடுத்து தொடக்க ஆவணங்கள், அப்புறம் இயக்குநர் மாற்றங்கள், கடைசியாக ஆண்டறிக்கைகள். படித்துக்கொண்டு உட்காராமல் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாகப் படியுங்கள்.

சான்றிதழ்களில் நீங்கள் தேடுவது, பெயர் மாற்றத்தின்பேரில் பதிவாளர் கொடுக்கும் புதிய பதிவுச் சான்றிதழ். அதில் பழைய பெயர், புதிய பெயர், மாறிய தேதி மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும். தலைப்பில் பதிவு எண் இருக்கும். எனக்குக் கிடைத்த சான்றிதழில் பழைய பெயர், தொழிலாளர்கள் சொன்ன அதே `K` பெயர். "போர்டு மட்டுந்தான் வேற" என்று பெரியவர் சொன்னதற்கு அரசாங்கத்தின் காகிதம் அது.

அதோடு நிறுத்தாதீர்கள். பெயரை மாற்றப் பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அந்தத் தீர்மானமும், ஏன் மாற்றுகிறோம் என்ற விளக்கக் குறிப்பும் பதிவாளரிடம் தாக்கலாகியிருக்கும். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில் அது `Form 23`, இப்போது `MGT-14`. நான் பார்த்த விளக்கக் குறிப்பில் ஒரே வரி: வியாபார வளர்ச்சிக்காக. ஆனால் கீழே கையெழுத்துப் போட்ட இயக்குநரின் பெயரைக் குறித்துக்கொண்டேன். பெயர் மாறிய நாளில் உள்ளே யார் இருந்தார் என்பதற்கு அந்தக் கையெழுத்துதான் சாட்சி.

இரண்டாம் பதிவு: கம்பெனி பிறந்த இடம்

தொடக்க ஆவணங்களில் முக்கியமானது அமைப்பு விதிமுறை ஆவணம். அதன் கடைசிப் பக்கத்தில் கம்பெனியைத் தொடங்கியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, தொழில், எடுத்துக்கொள்ளும் பங்குகள் எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டிருப்பார்கள். "முதல் முதலாளிகள் யார்" என்று கேட்டால் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவார்கள். நானும் இங்கேயே நின்றிருப்பேன்.

என்னை நிற்க விடாதது அந்தக் கையெழுத்துகளின் எண்ணிக்கை. பிரைவேட் கம்பெனி தொடங்க இரண்டு பேர் போதும். இங்கே ஏழு பேர் இருந்தார்கள். 1994ஆம் வருடச் சான்றிதழை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதியின்கீழ் பதிவானது என்று அதில் இருந்தது. அதாவது, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு கூட்டு வியாபாரம் அப்படியே கம்பெனியாக மாறியிருக்கிறது. அந்தப் பகுதியின்கீழ் மாற வேண்டுமானால் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும் என்பது அன்றைய விதி. கொங்கு நாட்டில் மில், ஜின்னிங், எண்ணெய் ஆலை என்று குடும்பத்தோடு கூட்டாக நடத்தியவர்கள், கம்பெனியாக மாற்றும்போது ஏழு தலை சேராவிட்டால் வீட்டு ஆட்களைச் சேர்த்துக்கொள்வார்கள். அப்படியானால் இந்த ஏழு பேரில் யார் உண்மையில் முதல் போட்டவர், யார் எண்ணிக்கைக்காக வந்தவர்? இந்தப் பக்கம் அதைச் சொல்லாது.

ஒன்பதாம் பகுதிப் பதிவில் கூடுதலாக ஒரு பட்டியல் இருக்கும். மாறும் நேரத்தில் உறுப்பினர்கள் யார், ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு என்று. அதோடு கூட்டு ஒப்பந்தத்தின் நகலும் இணைந்திருக்கும். (இப்போது இந்த வேலைக்கு `URC-1` என்ற படிவம்.) பட்டியலில் மொத்தம் 20,000 பங்கு. அண்ணன் 7,000, தம்பி 7,000, அவர்களுடைய மச்சான் 3,500, வெள்ளகோவில் பக்கத்துப் பஞ்சு வியாபாரி ஒருவர் 2,200. மிச்சம் மூன்று பேருக்கும் தலைக்கு 100. அவர்களில் ஒருவர் அண்ணனின் மனைவி, ஒருவர் மருமகள். மூன்றாமவரின் தொழில் என்ற இடத்தில் "கணக்கர்" என்று இருந்தது.

2006க்கு முந்தைய ஆவணங்கள் எல்லாம் காகிதத்தில் தாக்கலானவை. தளத்தில் அவற்றின் ஸ்கேன் இருந்தாலும், பக்கங்கள் மங்கியிருக்கும் அல்லது விட்டுப்போயிருக்கும். அப்போது பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

நிலத்தின் காகிதம் ஏன் குழப்பும்

மூன்றாம் பதிவுக்குப் போவதற்கு முன் வில்லங்கச் சான்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் "இடத்தை வாங்கினோம்" என்றுதானே அவர்கள் சொல்கிறார்கள்.

மில் நிலத்தின் சர்வே எண்ணைக் கொடுத்துப் பதிவுத்துறையின் `tnreginet.gov.in` தளத்தில் வில்லங்கம் பார்த்தேன். உட்பிரிவு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பாதி நிலம் காணாமல் போகும். 1985இல் ஒரு கிரயம். வாங்கியது ஒரு கூட்டு வியாபாரம், `K` பெயரில், பின்னால் லிமிடெட் இல்லாமல். அதற்குப் பிறகு ஒரு விற்பனையும் இல்லை. பட்டாவோ இன்றைய கம்பெனியின் `S` பெயரில் இருக்கிறது. நடுவில் பத்திரமே இல்லாமல் நிலம் எப்படிக் கைமாறியது?

முதலில் மோசடி என்றுதான் நினைத்தேன். அப்படியே எழுதியிருந்தால் பெரிய தவறாகப் போயிருக்கும். ஒன்பதாம் பகுதியின்கீழ் பதிவானால், கூட்டு வியாபாரத்தின் சொத்து முழுவதும் பதிவான அந்த நொடியே கம்பெனியைச் சேர்ந்துவிடும் என்று அந்தச் சட்டத்தின் 575ஆம் பிரிவு சொல்கிறது. தனியாகக் கிரயம் எழுத வேண்டியதில்லை. 2009இல் பெயர் மாறியபோதும் ஆள் மாறவில்லை, அதனால் அதற்கும் பத்திரம் இல்லை. பெயர் மாற்றச் சான்றிதழைக் காட்டிப் பட்டாவை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

ஆக, பத்திரம் இல்லாததுதான் இங்கே ஆதாரம். "இடத்தை மட்டும் வாங்கினோம்" என்பது உண்மையானால் 2009 வாக்கில் வில்லங்கத்தில் ஒரு கிரயம் இருந்தே ஆக வேண்டும். அப்படி ஒரு பதிவு இல்லை.

மூன்றாம் பதிவு: கூட்டு வியாபாரப் பதிவேடு

கூட்டு வியாபாரங்கள் 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவாகும். தமிழ்நாட்டில் மாவட்டப் பதிவாளர்தான் அதற்கும் பதிவாளர். பதிவேட்டில் வியாபாரத்தின் பெயர், நடக்கும் இடம், கூட்டாளிகளின் முழுப்பெயரும் நிரந்தர முகவரியும், ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி எல்லாம் இருக்கும். நமக்குப் பொன்னானது அந்தச் சேர்ந்த தேதி. பின்னால் யார் வந்தார், யார் போனார் என்பதும் அதிலேயே ஏறும். 66ஆம் பிரிவுப்படி கட்டணம் கட்டி யாரும் பதிவேட்டைப் பார்க்கலாம். 67ஆம் பிரிவுப்படி சான்றிட்ட நகல் கேட்கலாம். பதிவு எண்ணும் வருடமும் கையில் இருந்தால் வேலை சுலபம். எனக்கு அது 1994ஆம் வருடக் கூட்டு ஒப்பந்த நகலிலேயே கிடைத்தது.

சிரமம் எந்த அலுவலகம் என்பதில்தான். ஒப்பந்தத்தில் "காங்கேயம், பெரியார் மாவட்டம்" என்று இருக்கிறது. ஈரோட்டைத் தலைநகராகக் கொண்டு 1979இல் பிரிந்த மாவட்டத்துக்கு அன்றைக்கு அதுதான் பெயர். 1996இல் ஈரோடு மாவட்டம் ஆனது. 2009இல் காங்கேயம் திருப்பூர் மாவட்டத்துக்குப் போனது. 1979க்கு முந்தைய காகிதமாக இருந்தால் கோயம்புத்தூர் மாவட்டம் என்று இருக்கும். ஒரே கட்டடம், ஒரே கதவு எண், நான்கு மாவட்டங்கள். முகவரி வேறாக இருக்கிறது என்று இரண்டு காகிதங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிடாதீர்கள். பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். முதலில் போன ஓர் அலுவலகத்தில் அந்த எண்ணே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் அரைநாளில் கிடைத்தது. "அந்த வருசத்துல இந்த ஊரு எந்தப் பதிவு மாவட்டத்துல இருந்துச்சுங்க?" என்று பத்திர எழுத்தர் ஒருவரைக் கேட்டிருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

பதிவேட்டில் இருந்தது இது. 1984இல் நான்கு பேர்: அண்ணன், தம்பி, மச்சான், பஞ்சு வியாபாரி. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் எந்த மாற்றமும் இல்லை. 1993 டிசம்பரில் ஒரே நாளில் மூன்று பேர் சேர்கிறார்கள்: மனைவி, மருமகள், கணக்கர். 1994 மார்ச்சில் கம்பெனி பதிவாகிறது. கையெழுத்திட்ட ஏழு பேரில் முதல் முதலாளிகள் நான்கு பேர்தான்.

கூட்டு வியாபாரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. பதிவாகாத கூட்டு என்றால் இந்தப் பதிவேட்டில் எதுவும் இருக்காது. அப்போது கிரயப் பத்திரத்தில் வியாபாரத்தின் சார்பில் கையெழுத்திட்ட கூட்டாளிகளின் பெயர்களை வைத்துத்தான் போக முடியும்.

பெயரை நம்பாதீர்கள், தகப்பனார் பெயரைப் பாருங்கள்

நான் தடுமாறிய இடம் இதுதான். பதிவுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஒரே பழனிசாமியை 1984இல் `Palanichamy` என்றும், 1994இல் `Palaniswamy` என்றும், 2009இல் `Palanisamy` என்றும் எழுதுகிறார்கள். பழைய காகிதத்தில் பெயரோடு இருந்த கவுண்டர் பின்னால் விழுந்துவிடுகிறது. இயக்குநர் அடையாள எண் 2006 வாக்கில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால் அதற்கு முந்தையவர்களை எண்ணால் பிடிக்க முடியாது. பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் தகப்பனார் இனிஷியல், பின் கணவர் இனிஷியல்.

மச்சானின் பெயரில் அதே ஊரில் இன்னொருவர் இருந்தார். அவர் வேறு இரண்டு கம்பெனிகளில் இயக்குநர். அவரையும் இந்த மில்லோடு முடிச்சுப் போட்டு ஒரு வாரம் எழுதிக்கொண்டிருந்தேன். விதிமுறை ஆவணத்தில் இருந்த தகப்பனார் பெயரை, அந்தக் கம்பெனிகளில் இயக்குநராகச் சேர்ந்த படிவத்தில் இருந்ததோடு ஒப்பிட்டபோதுதான் வேறு ஆள் என்று தெரிந்தது. அதன் பிறகு எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பெயர், தகப்பனார் பெயர், முகவரி இந்த மூன்றில் பெயரைத் தவிர இன்னொன்றாவது பொருந்தாவிட்டால் அவர் அந்த ஆள் இல்லை.

1994க்கும் இன்றைக்கும் நடுவில்

முதல் முதலாளிகள் தெரிந்தாயிற்று. இன்றைக்கு உள்ளவர்கள் யார்? ஆண்டறிக்கையோடு பங்குதாரர் பட்டியல் இருக்கும். இப்போது `MGT-7`, அன்றைக்கு `Form 20B`. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய சட்டப்படி, முந்தைய ஐந்து அறிக்கைகளில் ஏதாவது ஒன்றில் முழுப் பட்டியல் இருந்தால், அந்த வருடம் புதிதாக வந்தவர், விலகியவர் பெயரை மட்டும் கொடுத்தால் போதும். பட்டியலில் இரண்டே பெயர் இருக்கிறது என்று கம்பெனியே இரண்டு பேருடையது என எழுதிவிடாதீர்கள். முழுப் பட்டியல் உள்ள வருடம் வரும்வரை பின்னால் போங்கள்.

பெயர் மாறிய மறுவருடமான 2010இன் முழுப் பட்டியல் இப்படி இருந்தது: அண்ணனின் மகன் 7,200, தம்பியின் குடும்பம் 7,100, மச்சான் 3,500, இனிஷியல் வேறாக இருந்த ஒருவர் 2,200. கூட்டினால் அதே 20,000. அண்ணனின் 7,000, மனைவியின் 100, மருமகளின் 100 மூன்றும் மகனிடம். கணக்கரின் 100 தம்பி குடும்பத்தில். பஞ்சு வியாபாரி விலகிவிட்டார். அவருடைய 2,200 பங்கை வாங்கிய அந்த "வெளியாள்" தம்பியின் மருமகன். பெயர் மாற்றத் தீர்மானத்தில் கையெழுத்திட்டிருந்தவரும் அவர்தான்.

எழுதுவதற்கு முன்

மூன்று பதிவுகளையும் தேதி வரிசையில் ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆவணத்தின் எண்ணைப் போட்டேன். எண் போட முடியாத வரிகளை அடித்துவிட்டேன். வீட்டு முகவரிகளும் அந்த மூன்று பேரின் பெயர்களும் செய்திக்குத் தேவைப்படவில்லை, எடுத்துவிட்டேன். பிறகு மருமகனுக்கு மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்பி ஒரு வாரம் கொடுத்தேன். ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார். "கம்பெனி அதேதானுங்க, நான் இல்லைன்னு சொல்லலை. கேட்டுல இருக்கறவங்க அப்படிச் சொல்லியிருந்தா அது தப்புங்க" என்றார். அதை அப்படியே போட்டோம்.

இந்தப் பதிவுகள் காட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. கிராஜுவிட்டி கொடுக்க வேண்டியது கம்பெனி; பங்குதாரர்கள் பணக்காரர்கள் என்பதற்காக அவர்கள் கையில் இருந்து அதைக் கேட்க முடியாது. நான்கு பேரின் பெயர் தெரிந்ததால் தொழிலாளர்களுக்குப் பணம் வந்துவிடாது. அவர்களுக்கு உதவியது முதல் பதிவுதான். தொழிலாளர் துறையில் அவர்கள் முன்பு போட்ட மனுக்களில் எதிர்மனுதாரர் இடத்தில் `K` பெயர் மட்டும் இருந்தது. அப்படி ஒரு கம்பெனி இல்லை என்று நோட்டீஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது. பெரியவர் புதிதாகப் போட்ட மனுவில் `S` பெயர், "முன்பு" என்று சேர்த்து `K` பெயர், கீழே 21 எழுத்து அடையாள எண், இணைப்பாகப் பெயர் மாற்றச் சான்றிதழ். இந்த முறை நோட்டீஸைக் கம்பெனி வாங்கிக்கொண்டது.